மச்சாண்டார் மேசைக்கு ஒரு சான்றிதழ்

கேரள எல்லையில், நல்லேப்பிள்ளிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் அரசுத் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான். இரைப்பை, கல்லீரல், கணையம் என்று ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் வரைந்து, பெயர் எழுதி, பின்பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்பிச் சொல்ல வைப்பேன். வாய்க்கு வெட்கம் கிடையாது என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அப்படிப்பட்டவள்தான் ஒரே ஓர் உறுப்பின் பெயரை ஒரு காகிதத்தில் எழுத முடியாமல், போன ஓணத்துக்கு முன்னால் ஒரு வாரம் முழுக்கத் திண்டாடினேன்.

இரண்டு வருடமாகவே எனக்கு மாதம் மாதம் உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்தது. வகுப்பில் நின்றால் தலை சுற்றும். நாற்காலியைவிட்டு எழுந்தால் முதலில் புடவையின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். கடைசியில் பாலக்காட்டில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். பார்த்தால் என் பெண்ணுக்கு அக்கா போலத்தான் இருக்கும் அந்த டாக்டர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கட்டி பெரிதாகிவிட்டது, கர்ப்பப்பையையே எடுத்துவிடுவதுதான் நல்லது என்று சொன்னார். ஓணம் லீவு முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் புதன்கிழமை ஆபரேஷன் என்று தேதியும் குறித்தார். ஒன்றரை மாதம் ஓய்வு. குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது, அதிக நேரம் நிற்கக் கூடாது. ஒரு டீச்சரிடம் போய் நிற்காதே என்றால் அவள் என்னதான் செய்வாள்?

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். ரமேஷ்குமார் என்று பெயர், விவசாயம். முழுவதையும் கேட்டார். "செரி" என்றார். பிறகு மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். எந்தப் பெரிய செய்தி வந்தாலும் அவருக்கு உடனே மோட்டார் ஞாபகம் வந்துவிடும். மகள் பிறந்தபோதும் அப்படித்தான் போனார். அன்றைக்குக் கரண்டே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது லீவு. திடீர் காய்ச்சலுக்கு என்றால் போனில் சொல்லிவிட்டு, காகிதத்தைப் பிறகு கொடுக்கலாம். முன்கூட்டியே தேதி குறித்து எடுக்கும் லீவுக்கு எல்லாம் முன்னதாகவே போக வேண்டும். எந்த லீவு, எந்தத் தேதியிலிருந்து எதுவரைக்கும் என்று நிரப்பிய விண்ணப்பப் படிவம். டாக்டர் கையெழுத்தும் பதிவு எண்ணும் முத்திரையும் போட்ட மெடிக்கல் சர்டிபிகேட். கூடவே, அட்மிஷன் தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல். அதையெல்லாம் தலைமையாசிரியர் பார்த்து, சிபாரிசு எழுதி, ஏ.இ.ஓ. என்கிற உதவிக் கல்வி அதிகாரியின் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். எனக்குப் பதிலாகத் தினக்கூலிக்கு ஒரு டீச்சரைப் போடுவதும் அந்தத் தேதிகளை வைத்துத்தான்.

இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். சிக்கல் அந்தத் தலைமையாசிரியர்தான். ஆறுமுகசாமி சார் என் கணவரின் பெரியப்பா மகன். முறைக்கு எனக்கு மச்சாண்டார். பள்ளியில் நான் அவரை சார் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். நோம்பி, பண்டிகை நாளில் வீட்டுக்கு வந்தால் நான் எழுந்து நின்று வாங்க மாமா என்பேன், அவர் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே நல்லா இருக்கீங்களா அம்மிணி என்பார். இருபது வருடத்துக்கு மேலாக எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் சேர்த்தாலும் ஒரு சர்க்குலர் அளவுக்குத்தான் வரும். அவர் மேசையில் போய்க் கர்ப்பப்பை என்று எழுதிய காகிதத்தை எப்படி வைப்பது?

அதனால் டாக்டரிடமே கெஞ்சினேன். பேரெல்லாம் வேண்டாம், வயிற்றில் ஆபரேஷன் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"டீச்சரே, லீவுக்குன்னா பேரு எழுதறதல்லே நல்லது?" என்று அந்தப் பெண் தன் அரைத்தமிழில் கேட்டது.

"வேண்டாம் டாக்டர். எங்க எச்.எம். எனக்குச் சொந்தம்" என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் அது என்னைப் பார்த்தது. ஆனாலும் அப்டாமினல் சர்ஜரி என்று எழுதி, நாற்பத்தைந்து நாள் ஓய்வு அவசியம் என்று போட்டுக் கொடுத்தது. நானும் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் முதல் பீரியட் முடிந்ததும் எச்.எம். அறைக்குப் போய் காகிதங்களை வைத்தேன். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சர், இதுல வயித்துல ஆபரேசன்னு மட்டும் போட்டிருக்குதுங்க."

"ஆமாங்க சார்."

"அது வந்துங்க, வயிறுன்னா..." என்றவர், ஜன்னலுக்கு வெளியே பையன்கள் கைகழுவும் குழாயைப் பார்த்தார்.

"ஆமாங்க சார், வயிறுதானுங்க" என்றேன். நான் பார்த்தது சுவரில் இருந்த கால அட்டவணையை.

கொஞ்ச நேரம் அவர் குழாயையும் நான் அட்டவணையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி என் லீவுக் கணக்கைத் திறந்தார். மெடிக்கல் சர்டிபிகேட்டை வைத்துக் கம்யூட்டட் லீவு எடுத்தால், ஒரு நாள் லீவுக்கு இரண்டு நாள் அரைச்சம்பள லீவு கழியும். நான் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து கால் உடைந்தபோது அதில் பெரும்பங்கைத் தின்று தீர்த்திருந்தேன். மிச்சம் இருப்பதை வைத்து இருபது நாளுக்கு மேல் வராது என்று காட்டினார்.

"அதுக்கு மேல சம்பளமில்லா லீவுதானுங்க. அதுவுமில்லாம, என்ன நோவு, என்ன ஆபரேசன்னு வெவரமில்லைன்னா ஏ.இ.ஓ. ஆபீசுல கொக்கி போட்டுத் திருப்பிருவாங்க."

"பரவாயில்லீங்க சார். இருபது நாள் போதுமுங்க. நான் வந்துருவேன்."

வாய்தான் சொன்னது. டாக்டர் சொன்னது நினைவிருந்தது. தையல் உள்ளே ஆற வேண்டும், அவசரப்பட்டால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான் என்று சொல்லியிருந்தார். ஆனால் அந்த அறையைவிட்டு வெளியேறினால் போதும் என்று இருந்தது எனக்கு. சார் விரலால் மேசையைத் தட்டினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார்.

"லேடி ஸ்டாப்புக்கு வேற சில லீவெல்லாம் இருக்குதுங்க டீச்சர். ஜிஸ்மி டீச்சருக்குத் தெரியும். ஒருக்கா கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவசரமாக மதிய உணவு அரிசியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அரிசி காலையிலேயே அளந்து கொடுத்தாகிவிட்டது.

ஜிஸ்மி எங்கள் பள்ளியின் மலையாள டீச்சர். தொடுபுழாக்காரி. தமிழ் மீடியத்தில் பத்து வருடம் இருந்ததில் அவள் தமிழ் எங்களைவிட வேகமாக ஓடும், வழியில் அடிக்கடி மலையாளத்தில் இறங்கி ஏறும். மதியம் வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டேன். ஒருத்தி தெரிந்தவளுக்காகக் கேட்கிறேன் என்றுதான் ஆரம்பித்தேன்.

"அந்தத் தெரிஞ்சவ நீங்கதானே?" என்றாள். மீனை என் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள். "யூட்ரஸ் எடுக்கறதுக்குன்னு தனியா லீவு உண்டு டீச்சரே. பெர்மனென்ட் ஆன பெண்களுக்கு நாற்பத்தஞ்சு நாள். முழுச் சம்பளம். உங்க கணக்குல ஒரு நாள்கூட கழிய மாட்டாது. பக்ஷே சர்டிபிகேட்ல அதுதான் ஆபரேஷன்னு டாக்டர் எழுதியிருக்கணும். வயிறுன்னு எழுதினா வயித்துக்கு உள்ள லீவுதான் கிடைக்கும்."

"அதை எழுதினா மாமா பாப்பாரே ஜிஸ்மி."

"பாக்கட்டுமே. அவர் கண்ணு என்ன அவிஞ்சா போகும்?"

"ஏ.இ.ஓ. ஆபீசுல நம்ம ஊர்க்காரங்க நாலு பேரு இருக்கறாங்க. நாளைக்குக் கல்யாணத்துல, காதுகுத்துல..."

"டீச்சருக்கு உடம்பு பெரிசா, காதுகுத்து பெரிசா?"

இருபது நாளில் வந்துவிடுகிறேன், நீங்கள் எல்லாம் என்னை நாற்காலியில் உட்காரவைத்து வேலை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சிரிக்கப் பார்த்தேன். ஜிஸ்மி சிரிக்கவில்லை. கோபத்தில் மீனைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

ஜிஸ்மிக்குச் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே இருந்தவர்கள், தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டி, அவளுக்கு எல்லாம் எடுத்தாயிற்று, இனி அவளிடம் என்ன இருக்கிறது, அவள் வீட்டுக்காரன் பாவம் என்று பேசிச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கும். இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். என்னால் அவள் முகத்தை மறக்க முடியவில்லை. ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகிறது, எனக்கும் வாய் இருக்கிறது. பயம் அது இல்லை. அந்த "வீட்டுக்காரன் பாவம்"தான் என்னை அரித்தது. மோட்டார் போடப் போன மனிதர் திரும்பி வந்து என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். இருபது நாள்தான் லீவு, பிறகு பள்ளிக்குப் போகப் போகிறேன் என்றேன்.

"டாக்டரு ஒண்ணரை மாசம்னுதானே சொன்னாங்க?"

"அதுக்கு வேற சர்டிபிகேட் வேணும். பேரு எழுதுனது."

"எழுதி வாங்கறது."

"உங்கண்ணன் மேசைக்குப் போகும். என்ன எழுதியிருக்கும்னு தெரியுமுங்களா?"

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். நான் மேலும் பேசினேன். பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கொழிஞ்சாம்பாறைக் கல்யாணத்தையும் சொன்னேன். கடைசியில், "நாளைக்கு நீங்களும் என்னைய வேற மாதிரிதானே பாப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரியும், அந்தப் பார்வைக்குப் பிறகு என்ன வரும் என்று. எழுந்து மோட்டார் பக்கம் போனார்.

அடுத்த நாள் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். உரக்கடைக்குப் போகிறாராம். உரக்கடைக்கு யார் வெள்ளைச் சட்டை போடுவார்கள்? கேட்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம்.

நான் திரும்பி வந்தபோது வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கி, முகம் வெயிலில் கறுத்திருந்தது. பக்கத்தில் என் ஆஸ்பத்திரி ஃபைல்.

"பாலக்காட்டுக்குப் போனேன் பிரியா" என்றார்.

"எதுக்குங்க?"

"சர்டிபிகேட்டு மாத்தி வாங்கறதுக்கு. குடுக்கல."

நடந்ததையெல்லாம் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதில்லை. கவுண்டரில் இருந்த பெண் எந்த சர்ஜரி என்று கேட்டிருக்கிறாள். இவர் வயிற்று ஆபரேஷன் என்றிருக்கிறார். வயிற்றில் எங்கே என்று கேட்டிருக்கிறாள். இவர் கீழே என்றிருக்கிறார். பின்னால் பெரிய வரிசை. ஃபைலைத் திறந்து காட்டலாமே என்று அவருக்குத் தோன்றவே இல்லையாம்.

"அப்புறம் என்ன பண்ணுனீங்க?"

"சொன்னேன்."

"என்னன்னு?"

"கர்ப்பபாத்திரம்னு. மொதல்ல மெதுவாத்தான் சொன்னேன். அந்தப் புள்ளைக்குக் காதுல விழல. அப்புறம் சத்தமாச் சொன்னேன்." வெட்கத்தில் அவர் காது மடல் சிவந்திருந்தது. "வரிசையே திரும்பிப் பாத்துது. பாத்தா பாத்துட்டுப் போறாங்கன்னு நின்னுட்டேன். பின்னால நின்ன ஒருத்தரு, என் சம்சாரத்துக்கும் அதுதான், நீங்க மூணாம் நம்பர் ரூமுக்குப் போகோணும்னு வழி சொன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அந்தம்மா நல்ல மாதிரிதான். ஆனா நோயாளி இல்லாம எழுத மாட்டாங்களாம். சர்டிபிகேட்டு மேல உன்ற கையெழுத்து இருக்கோணுமாம், அது உன்ற கையெழுத்துத்தான்னு அவங்க பாத்துக் கையெழுத்துப் போடோணுமாம். யாரோ ஒரு ஆம்பள வந்து கேட்டா குடுத்தர முடியுமான்னாங்க. நான் யாரோ இல்லைங்க, வீட்டுக்காரன்னேன். வீட்டுக்காரனா இருந்தாலும் ஒடம்பு அவங்களுதுதானேன்னாங்க."

அதைச் சொல்லிவிட்டு ஃபைலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "நேத்து ஒண்ணு கேட்டயல்ல" என்றார்.

நான் தோள்பையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"ரெண்டு வருசமா விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப் பெட்சீட்டு தொவைக்கற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருந்தயா? குழாயைத் தொறந்து உடற சத்தத்துக்கு நானும் முழிச்சுட்டுத்தான் படுத்திருப்பேன். என்ன கேக்கறதுன்னு தெரியல பிரியா. மோட்டாரு போடறது மட்டுந்தான் எனக்குத் தெரியும். நாளைக்குப் போலாம். நீ வந்து கையெழுத்துப் போடு."

எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. இருவரும் பைக்கில் போனோம். டாக்டர் பெண் என்னைப் பார்த்ததும் சிரித்தது. "ஹஸ்பண்ட் நேத்து ஓ.பி. முழுக்கக் கேக்கப் பறஞ்ஞு" என்றது. என் கணவர் சுவரில் இருந்த குழந்தைப் படத்தை உற்றுப் பார்த்தார். படிவத்தின் மேலே நான் கையெழுத்துப் போட்டேன். கீழே டாக்டர், நோய் என்ன, செய்யப்போவது என்ன அறுவை, எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் ஓய்வு அவசியம் என்று தெளிவாக எழுதி, முத்திரை குத்தினார். வேலையில் திரும்பச் சேரும்போது உடல் தகுதிச் சான்றிதழ் ஒன்று வேண்டும், அதற்கு மறுபடி வந்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும், முன்னாலேயே ஓடிவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் எச்.எம். அறை வாசலில் நான் நின்றேன். பக்கத்தில் அதே வெள்ளைச் சட்டையில் என் கணவர். ஜிஸ்மி வராந்தாவில் இரண்டு தரம் காரணமில்லாமல் நடந்து போனாள்.

"வா ரமேசு, என்ன இந்நேரத்துல?" என்றார் சார்.

என் கையிலிருந்த காகிதங்களை என் கணவர்தான் வாங்கி மேசையில் வைத்தார். புதிய விண்ணப்பம், புதிய சர்டிபிகேட், அட்மிஷன் சீட்டின் நகல். நான் கால அட்டவணையைத் தேடினேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"அண்ணா, பிரியாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கறாங்க. அதுக்குன்னு இருக்கற லீவுதான் வேணும். போன வாரம் குடுத்ததை எடுத்துருங்க."

குரல் நடுங்கவில்லை. உரக்கடையில் பொட்டாஷ் ரெண்டு மூட்டை என்று சொல்வது போலத்தான் சொன்னார். சார் சர்டிபிகேட்டை எடுத்துப் படித்தார். இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை.

"போன வாரமே எனக்குத் தெரியுமுங்க டீச்சர்" என்றார். "கேக்கத்தான் வாய் வரல."

பழைய விண்ணப்பத்தை எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். புதியதில் சிபாரிசு எழுதப் பேனாவைத் திறந்தவர், எழுதாமல் அப்படியே இருந்தார்.

"உங்கக்காளுக்கும் இதேதானுங்க" என்றார்.

அவர் மனைவி கமலாத்தாளை நான் கமலாக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்படியே தங்கச்சி வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்ததாகச் சொன்ன வருடமாக இருக்க வேண்டும்.

"ஊட்டுக்கு வந்து பத்தே நாள்ல சாணி வழிக்கப் போய்ட்டா. இன்னைக்கும் குளிர் காலத்துல இடுப்பைப் புடிச்சுட்டு உக்காந்திருப்பா. எங்கிட்ட அப்ப லீவு கெடந்துதுங்க. எத்தனையோ நாள் கெடந்துது. பரிட்சை நேரம்னு நான் போடல. அவளும் போடுங்கன்னு சொல்லல."

என் கணவர் குனிந்து தரையைப் பார்த்தார். எனக்கு மச்சாண்டாரைப் பார்த்துப் பாவமாக இருந்தது, கமலாக்காவை நினைத்தால் அவர் மேலேயே கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மளமளவென்று சிபாரிசு எழுதினார். தேதிகளை ஒருமுறை சரிபார்த்தார். கையெழுத்துப் போடப் போனவர் மறுபடி நிறுத்தினார்.

"லீவு காலத்துல இருக்கற விலாசம்னு ஒரு எடம் இருக்குதுங்களே டீச்சர். அது காலியா இருக்குது."

நான் அதை வேண்டுமென்றே விடவில்லை. எழுத உட்கார்ந்தபோது எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பிரசவமோ ஆபரேஷனோ, பெண் படுக்க வேண்டும் என்றால் அம்மா வீட்டுக்குப் போவாள். கட்டிக்கொடுத்த வீட்டில் யாரும் படுப்பதில்லை. ஆனைமலையில் இருந்த என் அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது. அண்ணன் வீட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். அங்கே ஒண்டுக் குடித்தனத்தில் நான் ஒன்றரை மாதம் போய்ப் படுக்க முடியாது. மகள் கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"நான் அப்புறமா எழுதித் தர்றனுங்க சார்" என்றேன்.

"அப்புறமென்ன?" என்றார் என் கணவர். "நம்மூட்டு விலாசத்தை எழுது."

"அறுப்பு வருதே ரமேசு" என்றார் சார். ஒண்ணாம் போகம் சரியாக அந்த வாரத்தில்தான் அறுவடைக்கு நின்றது.

"மெசினு அறுக்குதுங்கண்ணா. நான் வரப்புல நின்னாத்தான் அறுக்குமா? பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் பாத்துக்கறேன்னுட்டாரு. மாடு ரெண்டையும் அவரு தொழுவத்துலயே கட்டச் சொல்லிட்டேன்."

எனக்கு இது எதுவும் தெரியாது. மோட்டார் போடப் போனதாக நினைத்த நேரத்தில் அவர் குப்பண்ணனிடம் போயிருக்கிறார்.

"சோறு?" என்றார் சார்.

"வேகுமுங்க. உப்புத்தான் முன்னப்பின்ன இருக்கும். அவ படுத்துட்டே திட்டிக்கட்டும்."

சார் பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுப் பெயர், தெரு, நல்லேப்பிள்ளி, சித்தூர் தாலுகா. எத்தனையோ காகிதத்தில் எழுதிய விலாசம்தான். மச்சாண்டார் முன்னால் அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். மை கலையாமல் இருக்கக் காகிதத்தை என் கணவர் மெல்லத் தள்ளி வைத்தார். இருபத்து மூன்று வருடமாக நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எல்லோருக்கும் பின்னால் படுத்த வீடு அது. நோவென்றால் நான் படுத்துக்கொள்ளலாம் என்று அந்த வீட்டின் விலாசத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதினேன்.